பின்னொளிப் படங்களில் புதிய துணிக்கு விளிம்பொளி சேர்த்தல்

சூரியன் அல்லது விளக்கு, படம் எடுக்கப்படுபவரின் பின்னால் இருக்கும்போது அவருடைய தலைமுடி, தோள், ஆடை ஆகியவற்றின் ஓரத்தில் தோன்றும் மெல்லிய ஒளிக்கோடு விளிம்பொளி எனப்படும். இத்தகைய படத்தில் பின்னர் கணினி வழியாக ஒரு துணியைச் சேர்த்தாலோ, இருக்கும் துணியை நீட்டினாலோ, அந்தப் புதிய துணிக்கு இந்த ஒளிக்கோடு இருக்காது. துணியின் நிறம், மடிப்பு, அளவு எல்லாம் சரியாக இருந்தாலும், அது காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தெரிவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஓரம் முழுவதும் ஒரே அளவில் வெள்ளைக் கோடு வரைவது இதற்குத் தீர்வாகாது. விளிம்பொளி ஓர் அலங்காரக் கோடு அன்று. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் தடயம். எனவே புதிய துணியின் விளிம்பொளியை ஊகித்து வரையாமல், படத்தில் ஏற்கெனவே உள்ள விளிம்பொளியை அளந்து, அந்த அளவின்படி ஆக்க வேண்டும். அதைச் செய்யும் முறையை, தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலையில் மாலையில் எடுக்கப்படும் ஒரு திருமணப் படத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

## விளிம்பொளி உருவாகும் விதம்

ஒளி ஒரு பரப்பின்மீது நேராக விழும்போது அதன் பெரும்பகுதி துணியின் சாயத்தால் உறிஞ்சப்படுகிறது. அதே ஒளி பரப்பை உரசிக்கொண்டு சாய்வாகச் செல்லும்போது, உறிஞ்சப்படாமல் தெறிக்கும் பங்கு மிகவும் கூடுகிறது. ஏரி நீரைக் காலடியில் பார்த்தால் அடி தெரிவதும், தொலைவில் பார்த்தால் வானம் மட்டும் பளபளப்பதும் இதே காரணத்தால்தான். பின்னாலிருந்து வரும் வெயில் தோளின் வளைவை உரசிக்கொண்டு கேமராவை நோக்கி வருவதால், கருநிற ஆடையின் ஓரம்கூடப் பளிச்சென்று ஒளிர்கிறது.

துணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நெய்த நூலின் மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னொளியில் ஒவ்வோர் இழையும் ஒளியைச் சிறிது முன்னோக்கிச் சிதறடிக்கிறது. துணியின் நடுப்பகுதியில் இது புலப்படுவதில்லை. ஓரத்தில் பல இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வைக்கோட்டில் வருவதால் அங்கே ஒளி சேர்ந்து தெரிகிறது. கணினி வரைகலையில் இதைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். டிஸ்னி நிறுவனத்தின் பிரென்ட் பர்லி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட பொருள்நிழலிடல் முறையில், முக்கியமாகத் துணியின் ஓர ஒளிர்வுக்காகவே ‘ஷீன்’ என்ற அளவுரு சேர்க்கப்பட்டது.

தமிழ்த் திரைப்பட இரசிகர்களுக்கு இந்த ஒளி புதிதல்ல. பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த அக்னி நட்சத்திரம் (1988) போன்ற படங்களில், முகம் இருளில் இருக்க முடியும் தோளும் மட்டும் ஒளிரும் காட்சிகளைப் பலர் பார்த்திருப்பார்கள்.

### துணிக்குத் துணி வேறுபாடு

எல்லாத் துணிக்கும் ஒரே வகை விளிம்பொளி அமைவதில்லை. கைத்தறிப் பருத்தியில் நுண்ணிழைகள் மிகுதி என்பதால் அதன் ஒளிக்கோடு மென்மையாக, சற்றே கலைந்த ஓரத்துடன் இருக்கும். பட்டு நூல் நீண்ட, வழவழப்பான இழை. அதன் ஒளிக்கோடு குறுகலாகவும் கூர்மையாகவும், மடிப்புத் திரும்பும் இடங்களில் அறுந்து அறுந்தும் வரும். சரிகைக் கரை தொடர்ச்சியான கோடாக ஒளிராமல் புள்ளி புள்ளியாக மின்னும். ஜார்ஜெட், ஷிபான் போன்ற மெல்லிய துணிகளில் ஒளி ஓரத்தோடு நிற்காமல் துணியையே ஊடுருவி வருகிறது. அங்கே துணியின் பரப்பே தன் சாய நிறத்தில் ஒளிரும். ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த இடம் மட்டும் இருண்டிருக்கும்.

ஒளியின் நிறமும் இதற்கேற்ப மாறும். பரப்பை உரசித் தெறிக்கும் ஒளி வெயிலின் நிறத்திலேயே இருக்கும். இழைக்குள் புகுந்து வெளிவரும் ஒளி துணியின் சாயத்தைச் சிறிது ஏந்தி வரும். அதனால் அரக்குநிறப் பருத்தியின் விளிம்பொளி, அருகிலுள்ள தலைமுடியின் விளிம்பொளியைவிடச் சற்றுச் சிவந்திருப்பது இயல்பு.

## விளிம்பொளி தேவையா என்று முடிவு செய்தல்

வேலையைத் தொடங்குமுன் படம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். வானத்தின் ஒளிக்கு ஏற்ப வெளிச்ச அளவு வைத்து எடுத்த முழு நிழலுருப் படத்தில், ஆள் ஏறத்தாழக் கருமையாகவும் பின்புறம் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். அத்தகைய படத்தில் விளிம்பொளி இருந்தாலும், அதைவிட அல்லது அதற்கு இணையாகப் பிரகாசமான வானத்தோடு கலந்து காணாமற்போய்விடும். அங்கே புதிய துணிக்கு ஒளிக்கோடு சேர்த்தால் அதுவே போலியைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே படத்தில் இரண்டு நிலைகளும் இருக்கலாம். ஆளின் மேற்பகுதி வானத்தின் முன்னும், இடுப்புக்குக் கீழே இருண்ட மலைச்சரிவின் முன்னும் இருந்தால், தோளருகே விளிம்பொளி மங்கலாகவும் கீழே தெளிவாகவும் தெரியும். ஒளி கூடியது காரணமல்ல. பின்புறம் இருண்டதே காரணம். ஆகவே புதிய துணியின் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## எடுத்துக்காட்டு: வத்தல்மலை மாலைப் படம்

வத்தல்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில், கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறிச் செல்லும் உயர்ந்த மலைப்பகுதி. காப்பி விளையும் இடம். மலையோரத்தில் நின்று மேற்கே பார்த்துப் படம் எடுத்தால், சூரியன் மறையுமுன் ஆளின் பின்புறம் வானமும் கீழே மங்கலான நிலப்பரப்பும் அமையும். ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் உள்ள இந்தப் பகுதியில் மாலைச் சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழிறங்குகிறது. சுமார் 4 நிமிடத்துக்கு 1 பாகை. எனவே மறைவதற்கு அரைமணி நேரம் முன்பு அது தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 7 பாகை உயரத்தில் இருக்கும். சில நிமிடங்களில் ஒளியின் திசையும் நிறமும் மாறிவிடுவதால், தவறிய படத்தை அதே ஒளியில் மீண்டும் எடுப்பது கடினம்.

அப்படி எடுத்த ஒரு படத்தில் மணமகள் கரும்பச்சைப் பருத்திப் புடவையில் நிற்கிறாள் என்று கொள்வோம். மணமகனின் முகமும் அவளது முகமும் நன்றாக அமைந்த ஒரே படம் அது. ஆனால் அந்த நொடியில் காற்று அடங்கியதால் முந்தானை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. மற்றொரு படத்திலிருந்து விரிந்த முந்தானையை எடுத்து இதில் சேர்க்க வேண்டும். படத்தின் அளவு 6000 × 4000 படவணுக்கள் (பிக்சல்கள்). வேலை கிம்ப் (GIMP) என்ற கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. போட்டோஷாப் பயன்படுத்துவோரும் இதே வரிசையைப் பின்பற்றலாம். அடுக்கு (லேயர்), மறைப்பு (மாஸ்க்), `Screen`, `Gaussian Blur` ஆகியவை அதிலும் உள்ளன.

### அளத்தல்

முதலில் படத்தை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, இருக்கும் விளிம்பொளியின் அகலத்தைப் பல இடங்களில் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் தலைமுடியில் 14 படவணுக்களும், இரவிக்கைத் தோளில் 9 படவணுக்களும், ஒட்டிக்கிடக்கும் முந்தானையின் மடிப்பில் 5 படவணுக்களும் இருப்பதாகக் கொள்வோம்.

இவற்றுள் எதைப் பின்பற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பளிச்சென்று தெரிவதால் தலைமுடியின் அளவையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விளிம்பொளியின் அகலம் பரப்பின் வளைவைப் பொறுத்தது. தோள் பெரிய உருண்டை. அதில் ஒளி உரசிச் செல்லும் பட்டை அகலமானது. துணி மடிப்பு சிறிய உருண்டை, பட்டை குறுகும். துணியின் கரை ஓரம் கிட்டத்தட்டத் தட்டையான விளிம்பு; அங்கே ஒரு நூலின் தடிப்பளவே ஒளிரும். ஆகவே புதிய துணிக்குப் பழைய துணியே சரியான அளவுகோல். இங்கு மடிப்புகளுக்கு 5 படவணுக்களும், கரை ஓரத்துக்கு 2 அல்லது 3 படவணுக்களும் போதும்.

அடுத்து ஒளியின் திசை. சூரியன் படத்துக்குள் இருந்தால் தோளிலிருந்து அதை நோக்கி ஒரு கோடு மனத்தில் இழுத்துப் பார்க்கலாம். படத்துக்கு வெளியே இருந்தால், உடலின் எந்த ஓரம் மிகப் பிரகாசமாக உள்ளது, எங்கே ஒளி முற்றிலும் மறைகிறது என்று பார்த்துத் திசையை அறியலாம். இந்தப் படத்தில் சூரியன் வலப்புறம் மேலே உள்ளது: தோளிலிருந்து வலப்பக்கம் 4 பங்கு போனால் மேல்நோக்கி 3 பங்கு.

மூன்றாவதாக நிறம். `Color Picker` கருவியால் பழைய முந்தானையின் ஒளிக்கோட்டைத் தொட்டுப் பார்க்கையில் சிவப்பு 236, பச்சை 170, நீலம் 98 எனக் கிடைக்கிறது. தோளின் நடுவில் சிவப்பு 255 ஆகி, நிறம் வெளுத்திருக்கும். அப்படி உச்சத்தைத் தொட்ட இடத்தில் நிறத்தை எடுக்கக் கூடாது. அங்கே ஒளியின் உண்மை நிறம் ஏற்கெனவே அழிந்துவிட்டது.

### பழைய விளிம்பை நீக்குதலும் கருமையைப் பொருத்துதலும்

விரிந்த முந்தானையைத் தனி அடுக்காக வைத்தபின், அது எதையெல்லாம் மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிய துணி உடலின் ஓரத்தை மறைத்து வெளியே நீள்வதால், அங்கிருந்த பழைய ஒளிக்கோடு இனி உடலின் ஓரம் அன்று. அது துணியின் இடுக்கு வழியாகவோ, மெல்லிய துணியின் ஊடாகவோ தெரிந்தால் ஒரே தோளுக்கு இரண்டு விளிம்புகள் இருப்பதுபோல ஆகும். `Clone` கருவியால் அருகிலுள்ள நிழல் பகுதியை எடுத்து அதை மூடிவிட வேண்டும். புதிய துணி வெயிலைத் தடுப்பதால், அதன் நிழல் விழும் கையின் ஒளிக்கோட்டையும் மங்கச் செய்ய வேண்டும்.

பிறகு கருமை. பின்னொளிப் படத்தில் கறுப்பு உண்மையில் கறுப்பாக இருப்பதில்லை. நேராக வரும் வெயில் லென்சுக்குள் சிதறி, படம் முழுவதும் மெல்லிய திரைபோலப் படர்கிறது. மலையில் பனிமூட்டமும் சேர்ந்தால் இது இன்னும் கூடும். இந்தப் படத்தில் இரவிக்கையின் மிக இருண்ட இடம் 24, 22, 27 என்ற அளவில் இருக்க, வேறு கோணத்தில் எடுத்த படத்திலிருந்து வந்த முந்தானையின் மடிப்புகள் 5, 6, 5 என்று இருந்தால், அந்தத் துணி படத்தில் விழுந்த ஓட்டைபோலத் தெரியும். `Colors > Levels` சாளரத்தில் `Output Levels` பகுதியின் இடப்பக்க எண்ணை உயர்த்தி, புதிய துணியின் கருமையைப் பழையதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விளிம்பொளியைச் சேர்க்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. கருமை பொருந்தாத நிலையில் ஒளிக்கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதைக் கண் சரியாக மதிப்பிடாது.

### ஒளிக்கோட்டை ஆக்குதல்

சூரியன் உள்ள திசைக்கு எதிராகத் துணியின் வடிவத்தைச் சிறிது நகர்த்தி, மூல வடிவத்திலிருந்து அதைக் கழித்தால், சூரியனை நோக்கிய ஓரத்தில் மட்டும் பிறைபோன்ற ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டைதான் விளிம்பொளி. செய்முறை வருமாறு:

1. முந்தானை அடுக்கைத் தேர்ந்து `Layer > Transparency > Alpha to Selection` கொடுத்தால் துணியின் வடிவம் தெரிவாகும்.
2. அதன்மேல் வெறுமையான புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, தெரிவான பகுதியை முன்பு அளந்த 236, 170, 98 நிறத்தால் நிரப்ப வேண்டும். இதுவே ஒளி அடுக்கு. பின்னர் `Select > None`.
3. முந்தானை அடுக்கை நகலெடுத்து, `Move` கருவியுடன் அம்புக்குறி விசைகளால் நகலை இடப்பக்கம் 4 படவணுக்களும் கீழே 3 படவணுக்களும் நகர்த்த வேண்டும்.
4. நகர்த்திய நகலுக்கு மீண்டும் `Alpha to Selection` கொடுத்து, ஒளி அடுக்கைத் தேர்ந்து `Delete` விசையை அழுத்தினால், வலமேல் ஓரத்தில் மட்டும் பட்டை எஞ்சும். தெரிவை நீக்கிவிட்டு நகலை அழித்துவிடலாம்.
5. ஒளி அடுக்கின் `Mode` மதிப்பை `Screen` என மாற்ற வேண்டும்.

இந்த முறையின் சிறப்பு, பட்டையின் அகலம் தானாகவே மாறுவதுதான். 4, 3 என்ற நகர்வின் மொத்தத் தொலைவு 5 படவணுக்கள். சூரியனை நேராக நோக்கும் ஓரத்தில் பட்டை 5 படவணுக்கள் அகலம் பெறும். 60 பாகை திரும்பிய ஓரத்தில் அதில் பாதி, அதாவது இரண்டரை. 90 பாகை திரும்பிய ஓரத்தில் பட்டையே இராது. கீழ்ப்புறமும் இடப்புறமும் உள்ள ஓரங்கள் ஒளியின்றி நிற்கும். இயற்கையான பின்னொளியிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது.

சூரியன் ஆளின் நேர் பின்னால் மறைந்திருக்கும் படத்துக்கு இது பொருந்தாது. அப்போது எல்லா ஓரங்களிலும் ஒளி இருக்கும். அங்கே நகர்த்துவதற்குப் பதிலாக, முதல் இரண்டு படிகளை முடித்து, வடிவத்தை மீண்டும் தெரிவுசெய்து `Select > Shrink` மூலம் 5 படவணுக்கள் சுருக்கி உட்பகுதியை நீக்கினால் சுற்றிலும் பட்டை கிடைக்கும்.

`Screen` நிலையைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண நிலையில் பட்டை துணியின்மேல் பூசிய வண்ணமாக நின்று, அடியிலுள்ள நெசவையும் மடிப்பையும் மறைத்துவிடும். `Screen` நிலையில் அடியிலுள்ளதோடு ஒளி கூடுவதால் நெசவு தெரிந்துகொண்டிருக்கும். அப்படிக் கூடுவதால் நிறம் அளந்ததைவிடச் சற்றுப் பிரகாசமாகவும் வெளுப்பாகவும் வரும். எனவே `Color Picker` கருவியால் பழைய கோட்டையும் புதியதையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துவரும்வரை `Opacity` மதிப்பைக் குறைக்க வேண்டும்.

### மென்மையும் முறிவும்

இப்போதைய பட்டை கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். பழைய விளிம்பொளியில் இருளிலிருந்து ஒளிக்கு மாற எத்தனை படவணுக்கள் ஆகின்றன என்று பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆகும். `Filters > Blur > Gaussian Blur` கொண்டு 1.0 என்ற அளவில் தொடங்கி, பழையதோடு ஒத்துவரும்வரை மென்மையாக்கலாம். முந்தானையின் பறக்கும் முனை கேமராவின் கூர்மையான பகுதிக்கு வெளியே இருந்தாலோ, காற்றில் வேகமாக அசைந்திருந்தாலோ, அந்த முனையில் மட்டும் மென்மை கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்ததாக, ஒளி அடுக்குக்கு `Layer > Mask > Add Layer Mask` மூலம் வெள்ளை மறைப்பு ஒன்றைச் சேர்த்து, மென்மையான தூரிகையில் கறுப்பு நிறம் கொண்டு கோட்டை ஆங்காங்கே குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது என்பதைத் துணியே சொல்லும். ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பின் பின்னால் புகும் இடத்தில் ஒளி எட்டாது. துணி உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ஓரத்தில் ஒளி இராது. தலையின் நிழல் விழும் இடத்தில் கோடு மங்கும். கரை ஓரம் நெடுகிலும் பட்டையின் உட்புறத்தை அழித்து 2 அல்லது 3 படவணுக்களாகக் குறுக்க வேண்டும். பருத்தி என்பதால் சில இடங்களில் மிகச் சிறிய தூரிகையால் ஓரத்துக்கு வெளியே ஓரிரு நுண்ணிழைகளை மங்கலாக இழுத்து விடலாம். பட்டாக இருந்தால் இது தேவையில்லை.

துணியின் உட்பகுதியில் உயர்ந்து நிற்கும் மடிப்புகளுக்கும் விளிம்பொளி உண்டு. வடிவத்தை நகர்த்தும் முறை வெளியோரத்தை மட்டுமே அறியும். உட்புற மடிப்பை அறியாது. ஆகவே சூரியனை நோக்கிய மடிப்பு முகடுகளில் அதே நிறத்தைக் குறைந்த அளவில் கையால் தீட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஓரம் மட்டும் ஒளிர்ந்து, நடுப்பகுதி தட்டையாகக் கிடக்கும்.

### பின்புலத்தின் கசிவு

விளிம்பொளியோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. மிகப் பிரகாசமான வானத்தின் ஒளி லென்சில் சிதறி, ஆளின் ஓரத்துக்குள் சிறிது கசியும். இது துணியின்மேல் பட்டுத் தெறித்த ஒளி அன்று. துணி எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும், எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், பின்னால் பிரகாசமான வானம் இருந்தால் நிகழும். அதனால்தான் சூரியனுக்கு எதிர்ப்பக்க ஓரமும்கூட வானத்தின் முன் சற்று மங்கித் தெரிகிறது.

இதைச் சேர்க்க, ஆளில்லாத வானப்பகுதியை ஓர் அடுக்காக நகலெடுத்துத் துணியின் ஓரத்தை மூடுமளவுக்கு நீட்டி, 20 படவணுக்கள் அளவுக்கு மங்கலாக்கி, துணியின் ஓரத்திலிருந்து உள்ளே 6 முதல் 10 படவணுக்கள் வரை மட்டும் தெரியுமாறு மறைப்பிட்டு, `Screen` நிலையில் 15 முதல் 25 விழுக்காடு வரை வைக்கலாம். சரியான அளவுக்குப் பழைய ஆடையின் இடப்புற ஓரத்தோடு ஒப்பிட வேண்டும். இருண்ட மலைச்சரிவின் முன் உள்ள துணிப்பகுதியில் இந்தக் கசிவு இருக்கக் கூடாது.

கடைசியாக, புதிய பகுதி மட்டும் வழவழப்பாக இருந்தால் படத்தின் மற்ற பகுதிகளிலுள்ள நுண்மணிகள் அதைக் காட்டிக்கொடுக்கும். `Filters > Noise > RGB Noise` மூலம் துணிக்கும் ஒளி அடுக்குக்கும் மிகச் சிறிய அளவில் மணி சேர்த்தால் வேற்றுமை மறையும்.

## சரிபார்த்தல்

நீண்ட நேரம் பார்த்த கண்ணுக்குப் பிழை தெரியாது. மூன்று சோதனைகள் உதவும். முதலாவது, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது. பழக்கம் கலைவதால் ஒளியின் திசை பொருந்தாவிட்டால் உடனே தெரியும். இரண்டாவது, மேலே தற்காலிகமாக `Curves` மூலம் நிழல்களை மிகவும் உயர்த்திப் பார்ப்பது. கருமை பொருந்தாத துணி அப்போது தனித் துண்டாக எழுந்து நிற்கும். மூன்றாவது, `Colors > Threshold` சாளரத்தைத் திறந்து எல்லையை மெல்ல நகர்த்துவது. பழைய விளிம்பொளி கறுப்பாக மாறும் அதே எண்ணுக்கு அருகில் புதியதும் மாற வேண்டும். புதியது மட்டும் கடைசிவரை வெள்ளையாக நின்றால் அது மிகைப் பிரகாசம். இரண்டாவதையும் மூன்றாவதையும் எல்லா அடுக்குகளும் சேர்ந்த ஒரு நகலில் செய்து பார்த்துவிட்டு நகலை நீக்கிவிட வேண்டும்.

கைபேசியில் பார்த்துச் சரி என்று முடிவு செய்வது ஆபத்து. 6000 படவணுக்கள் அகலப் படம் 1080 அகலத் திரையில் தெரியும்போது, 5 படவணு ஒளிக்கோடு ஒரு படவணுவுக்கும் குறைவாகிவிடும். எந்தப் பிழையும் தெரியாது. அதே படத்தை 18 அங்குல அகலத்தில் திருமண ஆல்பத்துக்கு அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 333 படவணுக்கள் அமையும். அப்போது 5 படவணுக் கோடு 0.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் அளவுதான். எனவே அச்சு அளவில், இயன்றால் ஒரு சிறு துண்டை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

## வரம்புகள்

விளிம்பொளி ஓரத்தைத்தான் சரிசெய்யும். துணிமீது முன்பே விழுந்திருக்கும் ஒளியை மாற்றாது. முன்னொளியில் அல்லது ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த முந்தானையைப் பின்னொளிப் படத்தில் ஒட்டினால், அதன் மடிப்பு நிழல்கள் தவறான பக்கத்தில் இருக்கும். அதற்கு எவ்வளவு ஒளிக்கோடு சேர்த்தாலும் பொருந்தாது. ஆகவே புதிய துணியை அதே இடத்தில், அதே மாலையில், சில நிமிட இடைவெளியில் எடுத்த படத்திலிருந்து பெறுவதே சிறந்தது. காற்றின் திசையும் ஒத்திருக்க வேண்டும். தலைமுடி ஒரு பக்கமும் முந்தானை மறுபக்கமும் பறக்கும் படத்தை எந்த ஒளியும் காப்பாற்றாது. மெல்லிய ஜார்ஜெட் துணிக்கு விளிம்பைவிட ஊடுருவும் ஒளியே முதன்மை என்பதால், அங்கே மேற்கண்ட முறை பாதி வேலையையே முடிக்கும். துணியின் பரப்பு வழியாக வானத்தின் ஒளியும் நிறமும் தெரியுமாறு தனியாக அமைக்க வேண்டும்.

இத்தகைய மாற்றம் எல்லாப் படத்துக்கும் ஏற்றதும் அன்று. திருமண ஆல்பம், விளம்பரம் போன்றவற்றில் படத்துக்குரியவரின் ஒப்புதலோடு இது வழக்கமாகச் செய்யப்படுகிறது. செய்திப் படத்திலோ ஆவணப் படத்திலோ இல்லாத துணியைச் சேர்ப்பது உண்மையை மாற்றுவதாகும். வேர்ல்டு பிரஸ் போட்டோ போன்ற செய்திப்படப் போட்டிகளின் விதிகள் படத்தின் உள்ளடக்கத்தில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. மாற்றாத மூலப் படத்தைத் தனியாகப் பாதுகாத்து வைப்பதும், எது மாற்றப்பட்டது என்பதைப் படத்தைப் பெறுபவரிடம் சொல்லிவிடுவதும் இவ்வேலையின் ஒரு பகுதியாகும்.